குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் அத்தை மகன் வந்திருந்தான். காந்திபுரத்தில் பஸ் இறங்கியவன் நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் நான்காக மடித்த சில தாள்கள். அத்தைக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்று பயாப்ஸி சொல்லியிருந்தது. பீடி, சிகரெட் எதையும் தொடாத வீடு அது. நோய் அதற்குள் எலும்பு வரை பரவியிருந்தது.

"மச்சான், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும், அதுவரை பொறுங்கள் என்கிறார் டாக்டர். மாத்திரைதான் கீமோவைவிட நல்லது என்று இதிலேயே போட்டிருக்கிறதே. ரிப்போர்ட் வரும்வரை மாத்திரையையாவது ஆரம்பிக்கக் கூடாதா?" என்றான். பிறகு ஒரு படத்தை எடுத்து மேசை மேல் விரித்தான். "அதுவும் இல்லாமல் இந்தப் படத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. மாத்திரைக் கோடு முதலில் கீமோக் கோட்டுக்குக் கீழே போகிறது, அப்புறம் அதற்கு மேலே வருகிறது. மேலே இருப்பது நல்லதா, கீழே இருப்பது நல்லதா?"

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எம்.டி. மாணவர்கள் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததும் கீழே இருக்கும் எண்ணுக்கு ஓடிவிடுவார்கள். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் இவனோ கோடுகளைப் பார்த்துக் கேள்வி கேட்டான்.

அவன் கொண்டுவந்தது ஐபாஸ் என்ற ஆய்வின் கட்டுரை. ஹாங்காங்கைச் சேர்ந்த டோனி மோக் தலைமையில் கிழக்காசிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியானது. முற்றிய நுரையீரல் அடினோகார்சினோமா உள்ள 1,217 பேரை அதில் சேர்த்தார்கள். புகைக்காதவர்கள், அல்லது முன்பு கொஞ்சம் புகைத்து விட்டவர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் 609 பேருக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, 608 பேருக்கு கார்போபிளாட்டினும் பாக்லிடாக்செலும் சேர்ந்த கீமோ. உயிர்பிழைப்புக் கோடுகளை வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. இதில் தலைப்பு எண் ஒன்று சொல்கிறது, கோடுகள் வேறொன்று சொல்கின்றன.

கோடு எப்படி வருகிறது என்பதை அவன் தொழிலை வைத்தே சொன்னேன். ஒரு சித்திரை மாதம் அவன் பத்து மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் எத்தனை தாக்குப்பிடித்தன? மூன்றாவது மாதம் ஒன்று எரிந்தது. ஐந்தாவது மாதம் ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டு மோட்டாரோடு ஊரைவிட்டே போய்விட்டார். ஆறாவது மாதம் இன்னொன்று, ஒரு ஃபேஸ் போய் இரண்டு ஃபேஸில் ஓடி எரிந்தது. எட்டாவது மாதம் இன்னொருவரின் போரில் தண்ணீர் வற்றிப்போய் மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். பத்தாவது மாதம் மூன்றாவது எரிப்பு. மிச்சம் ஐந்து, ஆண்டு முடிவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

கணக்கு எங்கே சிக்குகிறது என்றால் ஊரைவிட்டுப் போன மோட்டாரிலும் கழற்றி வைத்த மோட்டாரிலும். அவை எரியவில்லை. ஆனால் ஓராண்டு ஓடின என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஓடியதாகச் சேர்த்தால் நூற்றுக்கு 70. எரிந்ததாகச் சேர்த்தால் 50. இரண்டுமே பொய்க்கணக்கு. 1958இல் எட்வர்ட் கப்லானும் பால் மையரும் எழுதிய முறை இதற்கு வழி சொல்கிறது: ஒவ்வொரு மோட்டாரும் நம் கண்ணில் இருந்த காலம் வரைக்கும் கணக்கில் இருக்கட்டும், அதற்குப் பிறகு வேண்டாம்.

மூன்றாவது மாதம் பத்தில் ஒன்று எரிந்தது, பத்தில் ஒன்பது பங்கு மிச்சம், அதாவது 0.90. ஐந்தாவது மாதம் ஒன்று பட்டியலை விட்டுப் போகிறது. கோடு இறங்காது, ஆனால் களத்தில் இருப்பவை எட்டாகக் குறைகின்றன. ஆறாவது மாதம் அந்த எட்டில் ஒன்று எரிகிறது. 0.90ஐ எட்டில் ஏழால் பெருக்கினால் 0.79. எட்டாவது மாதம் இன்னொன்று விடுபட, களத்தில் ஆறு. பத்தாவது மாதம் ஆறில் ஒன்று எரிகிறது. 0.79ஐ ஆறில் ஐந்தால் பெருக்கினால் 0.66. ஆகவே ஓராண்டு தாக்குப்பிடித்தது நூற்றுக்கு 66. அவன் காகிதத்தில் தானே போட்டுப் பார்த்துக்கொண்டான்.

மோட்டார் எரிவது என்ற இடத்தில் நோய் வளர்வது என்று வைத்தால் அதுதான் ஐபாஸ் படம். கோடு மேலே இருப்பதுதான் நல்லது. கோடு படிக்கட்டாக இறங்குவதற்குக் காரணம் இதுதான். எரிந்தால் மட்டும் ஒரு படி. விடுபட்டவர்கள் கோட்டின் மேல் சின்னக் குத்துக்கோடாகத் தெரிவார்கள். இப்படி விடுபடுபவர்கள் கூடக் கூட, அடுத்து வரும் ஒவ்வொரு படியின் உயரமும் கூடும். பத்து இருக்கும்போது ஒன்று எரிந்ததற்கு 10 இறங்கிய கோடு, ஆறு இருக்கும்போது ஒன்று எரிந்ததற்கு 13 இறங்கியிருக்கிறது. கோட்டின் வலது கடைசியில் தெரியும் பெரிய படிகளை நம்பக் கூடாது என்பது இதனால்தான். அங்கே இரண்டு பேர், மூன்று பேர் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. விடுபட்டவர் ஏன் விடுபட்டார் என்பதற்கும் மோட்டாரின் நிலைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. தோட்டம் விற்றவர் சரி. காயில் சூடாகிறதே என்று வேறு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனவரை வெறும் விடுபட்டவராகப் போட்டால், உன் பட்டறை உண்மையைவிட நல்ல பட்டறையாகத் தெரியும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஆய்விலிருந்து விலகிய நோயாளிகள் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் குத்துக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் நான் அந்தக் கட்டுரையைச் சற்று மெதுவாகப் படிக்க ஆரம்பிப்பேன்.

அடுத்தது அந்த எண். ஐபாஸ் படத்தின் ஓரத்தில் ஹசார்ட் ரேஷியோ 0.74 என்று அச்சிட்டிருக்கிறது. ஆபத்து விகிதம் என்று சொல்லலாம். அவன் அதை "நூற்றுக்கு 26 பேருக்குக் கூடுதலாகக் குணம்" என்று புரிந்துவைத்திருந்தான். இணையத்தில் யாரோ அப்படி எழுதியிருந்தார்களாம்.

அப்படி இல்லை. இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களை மட்டும் எடுத்துக்கொள். அவற்றில் இந்த மாதத்தில் எத்தனை பங்கு எரியும்? அந்த வேகத்துக்குத்தான் ஹசார்ட் என்று பெயர். ஏற்கனவே எரிந்தவை அந்தக் கணக்கில் இல்லை. உன் பட்டறை மோட்டார்களின் வேகத்தைப் பக்கத்துப் பட்டறை மோட்டார்களின் வேகத்தால் வகுத்தால் வருவது விகிதம். 0.74 என்றால், எந்த மாதத்தைப் பிடித்தாலும், அதுவரை தாக்குப்பிடித்தவற்றில் உன்னுடையவை பக்கத்துப் பட்டறையின் வேகத்தில் முக்கால் வேகத்தில் எரிகின்றன. அவ்வளவுதான். நூற்றுக்கு 26 மோட்டார்கள் தப்பித்துவிடும் என்று பொருள் இல்லை. நீண்ட காலம் விட்டால் இரண்டு பட்டறை மோட்டார்களும் எரிந்துதான் போகும். ஆயுள் 26 சதவீதம் கூடும் என்றும் பொருள் இல்லை.

மேலே "எந்த மாதத்தைப் பிடித்தாலும்" என்றேன். அந்தச் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. 1972இல் டேவிட் காக்ஸ் தந்த முறை, இரண்டு வேகங்களுக்கும் இடையிலான விகிதம் தொடக்கம் முதல் கடைசி வரை மாறாது என்று எடுத்துக்கொண்டு ஒரே எண்ணைத் தருகிறது. விகிதம் நிஜத்தில் மாறினாலும் அது ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். மறுக்கவும் செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது.

விகிதம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. மாறவில்லை என்றால், ஒரு கோட்டின் உயரத்தை அந்த விகிதத்தின் அடுக்குக்கு உயர்த்தினால் மற்றக் கோட்டின் உயரம் வந்துவிட வேண்டும். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஐபாஸில் இதைப் போட்டுப் பார்த்தோம்.

கீமோக் கோடு பாதிக்கு, அதாவது 0.50க்கு இறங்கியது 5.8ஆவது மாதத்தில். 0.50ஐ 0.74 அடுக்குக்கு உயர்த்தினால் 0.60. ஆகவே அந்த நாளில் மாத்திரைக் கோடு 60இல் நின்றிருக்க வேண்டும். கட்டுரை என்ன சொல்கிறது? மாத்திரைக் கோடு 5.7ஆவது மாதத்திலேயே பாதிக்கு இறங்கிவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். சரி, ஓராண்டில் என்ன? கீமோ பக்கம் நோய் வளராமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 6.7. அதை 0.74 அடுக்குக்கு உயர்த்தினால் 13.5 வருகிறது. கட்டுரையில் மாத்திரைப் பக்கம் 24.9. நடுவில் எண் சொன்னதைவிட மாத்திரை மோசம், கடைசியில் எண் சொன்னதைவிட மிக நல்லது. 0.74 என்ற எண் சொல்வது படத்தின் இந்த இரண்டு இடங்களிலும் நடக்கவில்லை.

"அப்படியென்றால் அந்த எண் தப்பா?" என்றான்.

தப்பில்லை. ஒரு காலத்தில் கூடவும் இன்னொரு காலத்தில் குறையவும் இருந்த விகிதங்களைக் கலந்து எடுத்த சராசரி அது. கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூருக்குப் போகும் பஸ்ஸின் சராசரி வேகம் மாதிரி. சமவெளியிலும் அந்த வேகத்தில் போகவில்லை, திம்பம் கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

எங்கே சமவெளி, எங்கே மலை என்று தெரிய, படத்துக்கு அடியில் இருக்கும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அச்சில் பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் எத்தனை பேர் களத்தில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அது. மாத்திரைப் பக்கம் 609 பேரில் தொடங்கி நான்காவது மாதம் 363, எட்டாவது மாதம் 212, பன்னிரண்டாவது மாதம் 76. கீமோப் பக்கம் 608, பிறகு 412, 118, 22.

முதல் நான்கு மாதங்களில் மாத்திரைப் பக்கம் நூற்றுக்கு 40 பேர் குறைந்திருக்கிறார்கள், கீமோப் பக்கம் 32 பேர்தான். அடுத்த நான்கு மாதங்களில் கதை தலைகீழ். களத்தில் இருந்த 363 பேரில் 151 பேர் போயிருக்கிறார்கள், அதாவது நூற்றுக்கு 42. கீமோப் பக்கம் 412 பேரில் 294 பேர், நூற்றுக்கு 71. பாதியில் விடுபட்டவர்களும் இதில் கலந்திருப்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. தொடக்கத்தில் விகிதம் ஒன்றுக்கு மேல், பிறகு ஒன்றுக்கு வெகு கீழே. கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அதே பட்டியலில் பதினாறாவது மாதம் 24 பேரும் 3 பேரும் இருக்கிறார்கள். கீமோக் கோட்டின் வாலை மூன்று பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஏன் இப்படி வளைந்தது? ஒரு பங்கு காரணம் கீமோவின் தன்மை. அதிகபட்சம் ஆறு சுற்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும், பிடி விட்டதும் நோய் வளரத் தொடங்கும். ஆனால் பெரிய காரணம் வேறு. மாத்திரைப் பக்கம் இருந்தது ஒரே கூட்டம் இல்லை, இரண்டு கூட்டங்கள்.

இந்த மாத்திரை குறிவைப்பது ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு தரும் புரதத்தை. 1,217 பேரில் 437 பேருடைய கட்டித் திசுவில்தான் அந்த மரபணுவைச் சோதிக்க முடிந்தது. 261 பேருக்கு அதில் மாற்றம் இருந்தது, 176 பேருக்கு இல்லை. இந்த இரண்டு கூட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கோடு வரைந்தபோது வெட்டிக்கொள்ளும் கோடுகள் மறைந்துபோயின. மாற்றம் இருந்தவர்களிடம் மாத்திரைக் கோடு தெளிவாக மேலே. ஆபத்து விகிதம் 0.48, பாதிப்பேருக்கு நோய் வளர 9.5 மாதம் ஆயிற்று, கீமோவில் 6.3. மாற்றம் இல்லாதவர்களிடம் மாத்திரைக் கோடு கிணற்றில் போட்ட கல். விகிதம் 2.85. பாதிப்பேருக்கு 1.5 மாதத்திலேயே நோய் வளர்ந்துவிட்டது, கீமோவில் 5.5 மாதம்.

அந்த 1.5ஐ அவனிடம் விரல் வைத்துக் காட்டினேன். ஆய்வில் ஸ்கேன் எடுத்தது ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ஆறு வாரம் என்பது ஏறக்குறைய ஒன்றரை மாதம். மாற்றம் இல்லாதவர்களில் பாதிப்பேருக்கு முதல் ஸ்கேனிலேயே நோய் வளர்ந்திருந்தது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மாத்திரை அவர்களிடம் எந்த வேலையும் செய்திருக்க வாய்ப்பில்லை. நோய் உண்மையில் எந்த நாளில் வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, ஸ்கேன் எடுத்த நாள்தான் தெரியும். இதனால் இந்த வகைக் கோடு ஆறு வாரத்துக்கு ஒருமுறை செங்குத்தாக விழும், இடையில் தட்டையாக நடக்கும். 5.7, 5.8 என்று பாதிப்புள்ளி எண்கள் ஒட்டி நின்றதிலும் ஸ்கேன் நாளுக்குப் பங்கு உண்டு.

முதலில் பார்த்த படத்துக்குத் திரும்பினால் இப்போது எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. மாற்றம் இல்லாதவர்கள் முதல் சில மாதங்களில் மளமளவென்று உதிர்ந்ததால் மாத்திரைக் கோடு கீழே போனது. அவர்கள் போன பிறகு களத்தில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் மாற்றம் உள்ளவர்கள். ஆகவே கோடு நிமிர்ந்தது. கோடு மேலே வந்தது மாத்திரை மெதுவாக வேலை செய்ததால் அல்ல. யார் மிஞ்சினார்கள் என்பதுதான் மாறியது.

"அப்படியென்றால் டாக்டர் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தானா?" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா எந்தக் கோட்டில் இருக்கிறார் என்று பத்து நாளில் தெரிந்துவிடும், தெரியாமல் மாத்திரையைக் கொடுப்பதில் எவ்வளவு இழப்பு என்பது 2.85இல் இருக்கிறது என்றேன். மூச்சுத் திணறல் கூடி ஒருநாள்கூடத் தாங்காது என்ற நிலை வந்தால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி, அதை அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். அத்தைக்கு அப்போது அந்த நிலை இல்லை.

கிளம்பும்போது கடைசித் தாளை எடுத்தான். 2011இல் வந்த இன்னொரு கட்டுரை, அதே ஆய்வின் தொடர்ச்சி. அதிலும் இரண்டு கோடுகள். ஆனால் மரபணு மாற்றம் உள்ளவர்களின் படத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தன. விகிதம் 1.00. மாத்திரைப் பக்கம் பாதிப்பேர் உயிரோடிருந்தது 21.6 மாதம், கீமோப் பக்கம் 21.9. "இதில் ஒரு வித்தியாசமும் இல்லையே மச்சான்!"

படத்தின் இடது ஓரத்தைப் படிக்கச் சொன்னேன். முதல் கட்டுரையின் செங்குத்துக் கோட்டில் எழுதியிருந்தது நோய் வளராமல் இருந்தவர்களின் பங்கு. இதில் எழுதியிருப்பது உயிரோடிருந்தவர்களின் பங்கு. இரண்டும் பார்ப்பதற்கு அச்சு அசலாக ஒரே மாதிரிப் படங்கள், அளப்பது வேறு வேறு. எத்தனையோ செய்தித்தாள் கட்டுரைகள் முதல் வகைப் படத்தை வைத்துக்கொண்டு "ஆயுள் இரட்டிப்பு" என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன.

ஆயுள் கோடுகள் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் உண்டு. கீமோவில் சேர்ந்தவர்களில் மரபணு மாற்றம் உள்ள பலருக்கு, நோய் வளர்ந்த பிறகு இதே வகை மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் இருப்பது நியாயமும் இல்லை. ஆகவே அந்தப் படம் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிடவில்லை. மாத்திரையை முதலில் கொடுப்பதையும் பிறகு கொடுப்பதையும் ஒப்பிடுகிறது.

"பிறகு கொடுத்தாலும் அதே ஆயுள் என்றால், எதற்கு முதலில் கொடுக்க வேண்டும்?"

நல்ல கேள்விதான். கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோபியிலிருந்து கோவைக்கு வந்து ஒரு நாள் முழுக்கக் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருக்க வேண்டும். முடி கொட்டும், ரத்த அணுக்கள் இறங்கும், கை கால் மரத்துப்போகும். மாத்திரை என்றால் வீட்டில் தினமும் ஒன்று. தோல் தடிக்கும், வயிறு போகும், ஆனால் அவர் தோட்டத்தில் நடமாடிக்கொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு. ஆய்வில் சேர்பவர்கள் ஓரளவு தெம்பானவர்கள், முதல் மருந்து தவறினாலும் இரண்டாவதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஊரில் நாம் பார்க்கும் நோயாளிகளில் சிலர் இரண்டாவது மருந்து வரை வருவதேயில்லை. அவர்களுக்கு முதலில் கொடுப்பது ஒன்றுதான் வாய்ப்பு.

ஒன்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்தான். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாகப் போட்டிருந்தது. மாத்திரைக்கு மசியும் மாற்றங்களில் அதுவும் ஒன்று. "0.48 படம்தானே நம்முடையது?" என்றான். ஆமாம் என்றேன். அன்று மாலையே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் ஸ்கேனுக்கு ஆறு வாரம் கழித்து நாள் குறித்திருந்தார்கள்.